வெந்நீர்த் துணியா, மணி முகமூடியா, நீராவிப் பட்டையா: இமை எண்ணெய் அடைப்புக்கு வீட்டில் எது உதவும்?

கண் எரிகிறது, உறுத்துகிறது, பிற்பகலுக்கு மேல் கணினி எழுத்து மங்குகிறது, ஆனாலும் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவரிடம் "உங்களுக்குக் கண் வறட்சி" என்றால் எளிதில் நம்புவதில்லை. நீர் வழியும் கண் எப்படி வறண்ட கண்ணாகும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கோலாலம்பூரில் கண் பரிசோதனை செய்வது என் தொழில். அந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால், மருந்தகத்தில் எந்தப் பொருளை வாங்குவது, எதை விடுவது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன்.

கண்ணின் மேல் படரும் கண்ணீர்ப் படலத்தில் பெரும்பகுதி நீர். அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று பரவியிருக்கிறது. நீர் காற்றில் ஆவியாகிவிடாமல் அதுதான் காக்கிறது. இந்த எண்ணெயைச் சுரப்பவை மேல் இமையிலும் கீழ் இமையிலும் செங்குத்தாக வரிசையாய் நிற்கும் சுரப்பிகள். மேல் இமையில் ஏறத்தாழ 30 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும். ஹைன்ரிக் மெய்போம் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1666இல் இவற்றை விவரித்து எழுதியதால் மெய்போமியன் சுரப்பிகள் என்று பெயர். இவற்றின் வாய்கள் இமை மயிர்களுக்குச் சற்றுப் பின்னால், இமையின் விளிம்பில் திறக்கின்றன. நாம் கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் இமைத் தசை இவற்றை லேசாக அழுத்தி ஒரு துளி எண்ணெயை வெளியே தள்ளுகிறது.

அந்த எண்ணெய் கெட்டியாகி வாயை அடைத்துக்கொண்டால் நீரைக் காக்க ஆளில்லை. நீர் சீக்கிரம் ஆவியாகி, கண்ணின் மேற்பரப்பு ஆங்காங்கே காய்ந்து எரிகிறது. எரிச்சலை உணர்ந்த நரம்பு கண்ணீர்ச் சுரப்பியை முடுக்கிவிட, நீர் குபுகுபுவென்று வருகிறது. வந்த நீரையும் காக்க எண்ணெய் இல்லை. அதனால்தான் கண் வழிகிறது, வறட்சியும் தீர்வதில்லை. கண் வறட்சியில் மிகப் பரவலான வகை இதுதான்.

வெளியே நடந்தால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் ஊரில் கண் எப்படிக் காயும் என்றும் கேட்பார்கள். நம்மில் பலர் பகல் முழுவதும் அந்த ஈரக் காற்றில் இருப்பதில்லையே. வீட்டில் குளிர்சாதனம், ரயிலில் குளிர்சாதனம், அலுவலகத்தில் நேராக முகத்தில் அடிக்கும் குளிர்சாதனம், பிறகு பேரங்காடியிலும் அதுவே. அது காற்றைக் குளிரவைப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து வெளியே விட்டுவிடுகிறது. இத்தோடு திரை சேர்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறைக்குக் குறையாமல் சிமிட்டும் கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்தச் சிமிட்டலிலும் பல அரைகுறை, மேல் இமை கீழ் இமையைத் தொடாமலே திரும்பிவிடும். சுரப்பி அழுத்தப்படாததால் எண்ணெய் உள்ளேயே தங்கிக் கெட்டியாகிறது. அண்டை நாட்டுக் காட்டுத்தீயால் புகைமூட்டம் கவியும் மாதங்களில் இது இன்னும் மோசமாகும். வயது, மாதவிடாய் நின்ற பிறகு வரும் ஹார்மோன் மாற்றம், காண்டாக்ட் லென்ஸ், முகப்பருவுக்கு உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை ஆகியவையும் இந்தச் சுரப்பிகளைப் பாதிக்கக்கூடியவை.

வாங்குவதற்கு முன்: நீர்க் குறைவா, எண்ணெய்க் குறைவா?

இந்த ஒப்பீடு முழுவதும் எண்ணெய் அடைப்பு உள்ளவர்களுக்கானது. கண்ணீர்ச் சுரப்பியே நீரைக் குறைத்துச் சுரக்கும் வகையும் உண்டு. கண்ணோடு வாயும் காய்ந்து, மூட்டுகளும் வலித்தால் ஷோகிரன் நோய் போன்ற உடல் முழுவதையும் சார்ந்த காரணம் இருக்கலாம். அதற்கு எவ்வளவு நல்ல முகமூடி வாங்கினாலும் பயனில்லை, மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும்.

எண்ணெயா நீரா என்பதைப் பிரித்துப் பார்ப்பது கடினமான வேலை அல்ல. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் அக்கா, வயது 49. காலையில் கண் பரவாயில்லை, மதிய உணவுக்குப் பிறகு எரிய ஆரம்பிக்கும், மாலை 4 மணிக்கு எண்கள் இரண்டிரண்டாகத் தெரியும். கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தை நெடுநாளாகப் போட்டு வந்தார்.

முதலில் கண்ணில் சிறிதளவு ஆரஞ்சு நிறச் சாயம் தொட்டு, நீல ஒளியில் பார்த்தேன். கண்ணைச் சிமிட்டாமல் வைத்திருக்கச் சொன்னால் எத்தனை விநாடியில் கண்ணீர்ப் படலம் உடைந்து கருந்திட்டு தோன்றுகிறது என்பதை எண்ண வேண்டும். 10 விநாடிக்குக் குறைந்தால் படலம் நிலையாக இல்லை என்று பொருள். அவருக்கு 4 விநாடி. அடுத்து, கீழ் இமையின் உள்ளே ஒரு சிறு காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் விட்டு, எவ்வளவு தூரம் நனைகிறது என்று அளக்கும் ஷிர்மர் பரிசோதனை. 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நீர் தெளிவாகவே குறைவு. அவருக்கு 14 நனைந்தது. நீர் இருக்கிறது. மூன்றாவதாகக் கீழ் இமையை விரலால் மெல்ல அழுத்தினேன். தெளிந்த எண்ணெய் வர வேண்டிய இடத்தில், நடுப்பகுதிச் சுரப்பிகளிலிருந்து வெள்ளையாகக் கெட்டிப் பசை வந்தது. ஓரத்தில் இருந்த சிலவற்றிலிருந்து எதுவுமே வரவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எண்ணெய் அடைப்பு என்பதில் சந்தேகம் இல்லை.

இந்தச் சோதனைகளைக் கண்ணாடிக் கடையில் இருக்கும் பரிசோதகரிடமோ கண் மருத்துவரிடமோ கேட்டுச் செய்துகொள்ளலாம். பார்வை அளவு மட்டும் எடுத்துவிட்டு "வறட்சி" என்று சொட்டு மருந்தைக் கையில் கொடுத்தால், "இமையை அழுத்திப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெப்பத்தில் எது வெல்லும்?

குளிர்சாதன அறையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இமையில் நடப்பதும் அதுதான், ஆனால் அளவு வேறு. ஆரோக்கியமான இமை எண்ணெய், இமையின் இயல்பான வெப்பத்திலேயே, அதாவது 33 டிகிரி செல்சியஸை ஒட்டி, இளகி ஓடும். அடைப்பு உள்ளவரின் எண்ணெயில் சேர்மானம் மாறிவிடுவதால் அது உருகச் சில டிகிரி கூடுதல் வெப்பம் தேவை. அந்த வெப்பமும் தோலின் மேலே இருந்தால் போதாது, சுரப்பி இருக்கும் உட்புறத்தை எட்ட வேண்டும். நடுவில் ஓடும் இரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் வெளித்தோலில் வைக்கும் சூடு உள்ளே போகும்போது சில டிகிரி குறைந்திருக்கும். இமையின் உட்புறம் 40 டிகிரியை எட்டிச் சில நிமிடம் அங்கேயே நிற்பதுதான் இலக்கு. மறுபுறம், வெளியே 45 டிகிரியைத் தாண்டினால் மெல்லிய இமைத் தோல் புண்ணாகும் ஆபத்து. ஆக, நமக்குக் கிடைப்பது சில டிகிரி அகலமுள்ள ஒரு குறுகிய வெளி. அதற்குள் பத்து நிமிடம் நிற்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு பொருளையும் எடைபோடுகிறேன்.

வெந்நீர்த் துணி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, செலவும் இல்லை. அந்த அக்காவும் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். "துணியை நனைத்துப் பத்து நிமிடம் கண்மேல் போட்டுப் படுத்திருந்தேன், ஒன்றும் மாறவில்லை" என்றார். மாறாததற்குக் காரணம் துணி அல்ல, அந்தப் பத்து நிமிடம். நனைத்துப் பிழிந்த ஒற்றைத் துணி, குளிர்சாதனம் ஓடும் அறையில் இரண்டே நிமிடத்தில் இலக்குக்குக் கீழே இறங்கிவிடும். மீதி எட்டு நிமிடம் ஈரத் துணி கண்ணைக் குளிரவைக்கிறது. எண்ணெய் உருகத் தொடங்கி மறுபடி உறைகிறது.

துணியிலேயே பலன் காண வேண்டுமானால் இரண்டு திருத்தங்கள் வேண்டும். முதலாவது, நீரின் சூடு. நம் ஊர்க் குழாய்நீர் ஏறக்குறைய 29 டிகிரியில் வருகிறது. ஒரு பங்கு கொதிநீருக்கு மூன்று பங்கு குழாய்நீர் கலந்தால் 46, 47 டிகிரி கிடைக்கும். துணியைப் பிழிந்து கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் மூன்று நான்கு டிகிரி போய்விடும். சமையலறை வெப்பமானி இருந்தால் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். சூடாக இருக்க வேண்டும், கையை எடுக்கத் தோன்றக் கூடாது. இரண்டாவது, ஒரு துணிக்குப் பதில் நான்கைந்து சிறு துணிகள். அவற்றை நனைத்து, மடித்து, ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருண்டையாகச் சுருட்டி வைத்துவிட்டால் உள்ளே இருப்பவை சூட்டைக் காத்துக்கொள்ளும். வெளித்துணியை உரித்துக் கண்மேல் வைத்து, இரண்டு நிமிடம் கழிந்ததும் அதை எடுத்துவிட்டு அடுத்ததை உரிக்க வேண்டும். இப்படிச் செய்தால் துணி எந்த விலையுயர்ந்த முகமூடிக்கும் குறைந்தது அல்ல. ஈரச் சூடு தோலில் நன்றாகவும் இறங்கும். ஆனால் அலுவலகம் விட்டு நெரிசலில் வீடு வந்து சேர்ந்தவர் தினமும் இதைச் செய்வாரா? ஓய்வுபெற்றவர்களும், வீட்டில் உதவ ஆள் உள்ளவர்களும் செய்கிறார்கள். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அதனால்தான் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது மைக்ரோவேவில் சூடாக்கும் மணி முகமூடி. உள்ளே இருக்கும் சிறு மணிகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சூடாக்கும்போது அதை வெளியே விடும். நம் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை என்பதால் இது இங்கே நன்றாகவே வேலை செய்கிறது. உறையில் போட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 20 விநாடியை ஒட்டியது, ஒரு குறிப்பிட்ட வாட் அளவுள்ள அடுப்புக்கானது. உங்கள் அடுப்பு 700 வாட்டா 1000 வாட்டா என்பதைப் பொறுத்துச் சூடு வெகுவாக மாறும். முதல் முறை சொன்னதைவிட 5 விநாடி குறைத்து வையுங்கள், பிறகு ஒவ்வொரு முறையும் சிறிது கூட்டுங்கள். எடுத்ததும் நன்றாகக் குலுக்குங்கள், ஏனென்றால் மைக்ரோவேவ் ஓரிடத்தை மட்டும் கொதிக்கவைக்கும். மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகே கண்ணுக்கு. எத்தனை முறைக்குப் பிறகு புதிதாக வாங்க வேண்டும் என்பதும் உறையில் இருக்கும். பழைய முகமூடி சூட்டைப் பாதியிலேயே விட்டுவிடுவதை, பத்து நிமிட முடிவில் தொட்டுப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். முடிவிலும் அது வெதுவெதுப்புக்கு மேல் இருக்க வேண்டும்.

ஆளிவிதைப் பைகளும் இதே வகைதான். சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் விதை ஈரம் கோத்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். காலுறையில் அரிசி கட்டிச் சூடாக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அரிசி ஒரே சீராகச் சூடேறுவதில்லை, ஒரு மூலை கொதிக்கும், இன்னொரு மூலை ஆறியிருக்கும். இமைத் தோல் அந்த வித்தியாசத்தைத் தாங்காது. வேகவைத்த முட்டையைக் கைக்குட்டையில் சுற்றி ஒற்றும் பழக்கமும் இங்கே மூன்று சமூகத்தாரிடமும் உண்டு. சட்டியிலிருந்து எடுத்த முட்டை 45 டிகிரிக்கு வெகு மேலே இருக்கும். உருண்டையாக இருப்பதால் இமையில் ஒரு புள்ளியில்தான் படும். சூடு தேவைப்படுவதோ இமையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நீராவிப் பட்டைகளை மருந்தகத்திலும் அழகுப் பொருள் கடையிலும் எல்லாரும் பார்த்திருப்பார்கள். உறையைப் பிரித்ததும் உள்ளே உள்ள இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து சூடேறுகிறது. அந்தச் சூடு 40 டிகிரியை ஒட்டி நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. பாதுகாப்பானது, சுகமானது. ஆனால் வெளியே 40 என்றால் இமையின் உள்ளே அதைவிடக் குறைவு. லேசான அடைப்புக்கும், பயணத்துக்கும், பஸ்ஸில் இரவு முழுக்க உட்கார்ந்து பினாங்கு போகிறவருக்கும் சரி. கெட்டிப் பசை வரும் இமைக்கு இதை மட்டும் நம்புவது போதாது. தினமும் ஒன்று என்று கணக்குப் போட்டால் சில மாதத்தில் நல்ல மணி முகமூடியின் விலையைத் தாண்டிவிடும். வாங்கினால் மணம் சேர்க்காததை வாங்குங்கள், எரியும் கண்ணுக்கு வாசனைத் தைலம் ஆகாது.

மின்சாரத்தில் இயங்கும் முகமூடிகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்விதான்: திரையில் காட்டும் டிகிரி உண்மையா? இணையத்தில் விற்கும் மலிவானவற்றில் இதை நம்ப முடியாது. ஒரு வெப்பமானியை உள்ளே வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். 41க்கும் 44க்கும் நடுவில் நின்றால் வைத்துக்கொள்ளலாம். தானாக அணையும் வசதி கட்டாயம் வேண்டும், போட்டுக்கொண்டு தூங்கிவிடுவோம்.

எதைத் தேர்ந்தாலும் சில விதிகள் பொது. காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். முகமூடியைக் கண்ணின் மேல் அழுத்திக் கட்டக் கூடாது. சூடான கருவிழி அழுத்தத்தில் தற்காலிகமாக உருமாறும், அதனால் எடுத்த பிறகு சில நிமிடம் பார்வை மங்கலாம். அந்த நேரத்தில் வண்டி ஓட்ட வேண்டாம். கண் அறுவைச் சிகிச்சை செய்து சில வாரமே ஆனவர்களும், கருவிழி கூம்பிப்போகும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. முகத்தில் ரோசேசியாச் சிவப்பு உள்ளவர்களுக்குச் சூடு சிவப்பைக் கூட்டலாம், அவர்கள் குறைந்த சூட்டில் தொடங்கலாம்.

உருகியதை வெளியே எடுப்பது

பலர் விட்டுவிடும் படி இது. எண்ணெயை உருக்கிவிட்டு அப்படியே எழுந்து போனால், இமை ஓரிரு நிமிடத்தில் பழைய வெப்பத்துக்குத் திரும்பி, எண்ணெய் அதே இடத்தில் மீண்டும் கெட்டிப்படும். முகமூடியை எடுத்த உடனே, கை கழுவிய விரல் நுனியால் இமையைத் தடவ வேண்டும். மேல் இமைக்குக் கீழே பார்த்துக்கொண்டு, புருவப் பக்கத்திலிருந்து மயிரை நோக்கிக் கீழ்முகமாக. கீழ் இமைக்கு மேலே பார்த்துக்கொண்டு, கன்னப் பக்கத்திலிருந்து மயிரை நோக்கி மேல்முகமாக. சுரப்பிகள் ஓடும் திசை அதுதான். மூக்கோரம், நடு, வெளியோரம் என்று மூன்று இடத்திலும் ஐந்தாறு தடவை போதும். அழுத்தம் இமையின் மேல் இருக்க வேண்டும், கண் உருண்டையின் மேல் போகக் கூடாது. வலித்தால் அது அளவு மீறிய அழுத்தம். கண்ணழுத்த நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் இதைச் செய்யவே வேண்டாம்.

சுத்தம் செய்வதில் எது?

இதில் தேர்வு, உங்கள் இமை மயிரின் அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முகம் பெரிதாகத் தெரியும் கண்ணாடியில், நல்ல வெளிச்சத்தில், கீழே பார்த்தபடி மேல் இமை மயிரைக் கவனியுங்கள்.

மயிர் சுத்தமாக இருந்து, விளிம்பில் மட்டும் எண்ணெயோ சிறு நுரையோ தெரிந்தால், கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியே போதும். விளிம்போடு ஒட்டிப் பக்கவாட்டில் துடையுங்கள். பணத்தை இங்கே செலவிட வேண்டாம், முகமூடிக்கு வையுங்கள்.

மயிரில் ஆங்காங்கே செதில் ஒட்டியிருந்தால், இமைக்கென்று விற்கும் நுரை அல்லது ஈரத் துடைப்பான். குழந்தை ஷாம்புவை நீரில் கலந்து தேய்ப்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த வழி. இன்றும் சில கிளினிக்குகளில் சொல்கிறார்கள். செதிலை அது நீக்கும் என்பது உண்மை. ஆனால் அழுக்கோடு நாம் பாடுபட்டு உருக்கி எடுத்த எண்ணெய்ப் படலத்தையும் அது கழுவிவிடும். வறண்ட கண்ணில் எரிச்சலும் தரும். வேறு வழி கிடைக்காத ஊரில் சரி, மருந்தகம் நிறைந்த கோலாலம்பூரில் அதற்குத் தேவை இல்லை. தோல் மிக மென்மையானவர்களுக்கு ஹைப்போகுளோரஸ் அமிலத் தெளிப்பு நல்ல மாற்று. பெயர் பயமுறுத்தினாலும், இமைக்கென்று தயாரித்த நீர்த்த கரைசல் எரிவதில்லை, கிருமியைக் குறைக்கும். வீட்டில் இருக்கும் வெளுப்பான் திரவம் வேறு பொருள், அதை இதற்குப் பதிலாக நினைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு மயிரின் அடியிலும் சிறு மெழுகுக் குழாய் மாட்டியதுபோல் வளையம் தெரிந்து, காலையில் இமை அரித்தால், அது டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய சிலந்திப் பேனாக இருக்கலாம். கண் பரிசோதகரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதற்குத் தேயிலை மர எண்ணெயிலிருந்து எடுத்த பொருள் சேர்ந்த துடைப்பான்கள் உண்டு. கலக்காத தேயிலை மர எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராக இமையில் தேய்ப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அது கருவிழியைப் பொசுக்கும். விளக்கெண்ணெயையும் புட்டியிலிருந்து நேராகக் கண்ணில் போட வேண்டாம். சில சொட்டு மருந்துகளில் விளக்கெண்ணெய் இருப்பது உண்மைதான், ஆனால் அது கிருமி நீக்கி, நீரில் நுண்துளிகளாகக் கலந்து தயாரித்தது. மளிகைக் கடைப் புட்டி கண்ணுக்கானது அல்ல.

கண்மை பற்றி நம் பெண்களிடம் சொல்லியே ஆக வேண்டும். இமை விளிம்பின் உட்புறத்தில், மயிருக்கும் கண்ணுக்கும் இடையில் தீட்டும் மை, சரியாகச் சுரப்பிகளின் வாயில்தான் போய் உட்காருகிறது. அந்த அக்கா பள்ளி நாளிலிருந்து அப்படித் தீட்டி வந்தவர். விடச் சொன்னால் மனம் ஒப்பவில்லை. மயிருக்கு வெளிப்புறமாகத் தீட்டலாம், இரவில் முகமூடிக்கு முன் முழுமையாகத் துடைத்துவிட வேண்டும் என்ற அளவில் உடன்பட்டார்.

ஆறு வாரத்தில் என்ன நடந்தது

அவர் தேர்ந்தது மணி முகமூடி. இரவு குளித்த பிறகு பத்து நிமிடம், உடனே தடவல், பிறகு வெறும் நீரில் துடைப்பு. சிவப்பு போக்கும் சொட்டை நிறுத்தச் சொன்னேன். அது இரத்தக் குழாயைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கிறது, மருந்தின் வேகம் போனதும் முன்னைவிடச் சிவக்கிறது, வறட்சிக்கு எதுவும் செய்வதில்லை. அதற்குப் பதில் பாதுகாப்புப் பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீர். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் சொட்டு தேவைப்படுகிறவர்கள் இந்த வகைக்கே போக வேண்டும். சாதாரணப் புட்டியில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு, அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பையே கெடுக்கும்.

முதல் இரண்டு வாரம் அவருக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை. சிவப்புச் சொட்டை நிறுத்தியதால் கண் கூடுதலாகவே சிவந்தது. இந்தக் கட்டத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு வாரம் கழித்து வந்தபோது கண்ணீர்ப் படலம் 4 விநாடிக்குப் பதில் 7 விநாடி நின்றது. நடுப்பகுதிச் சுரப்பிகளில் பசை இளகிக் கலங்கிய எண்ணெயாகியிருந்தது. மாலை 4 மணி மங்கல் 6 மணிக்குத் தள்ளிப்போயிருந்தது, சில நாள் வரவே இல்லை. ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து அப்போதும் எதுவும் வரவில்லை. அகச்சிவப்புப் படம் எடுத்துப் பார்த்ததில் அவை ஏற்கெனவே சுருங்கி மறைந்துவிட்டிருந்தன. மறைந்த சுரப்பியைச் சூடு திருப்பிக் கொண்டுவராது. மிச்சம் இருப்பதை அடைபடாமல் காப்பதே நாம் செய்யக்கூடியது. அதனால் இதை ஒரு மாதச் சிகிச்சை என்று எண்ணி நிறுத்தக் கூடாது. கண் நன்றான பிறகு தினமும் என்பதை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துப் பார்க்கலாம். மங்கல் திரும்பினால் மறுபடி தினமும்.

ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் விநாடி கூடவில்லை, பசை இளகவில்லை என்றால் வீட்டு வழி முடிந்தது, கிளினிக்குக்குப் போக வேண்டும். மருத்துவர் டாக்சிசைக்ளின் மாத்திரை தரலாம், கருவுற்றவர்களுக்கு அது ஆகாது. இமையை உள்ளிருந்தே 42 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, அதே நேரம் வெளியிலிருந்து பிழியும் கருவியும் இருக்கிறது. கன்னத்திலும் இமைக்குக் கீழும் ஒளித்துடிப்பு பாய்ச்சும் சிகிச்சையைப் பல கிளினிக்குகள் விளம்பரம் செய்கின்றன. இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த ஒளியைத் தோலில் உள்ள நிறமியும் உறிஞ்சும். தோல் கறுப்பாக இருக்க இருக்கச் சூட்டுப்புண், தழும்பு, நிறமாற்றம் ஏற்படும் ஆபத்து கூடும். மிகக் கறுத்த தோலுக்கு வழக்கமாக இதைச் செய்வதில்லை. பணம் கட்டுவதற்கு முன், என் தோல் எந்த வகை என்று பார்த்தீர்களா, என்னைப் போன்ற நிறமுள்ளவர்களுக்குச் செய்திருக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் சூடாக்கிப் பிழியும் முறையைப் பற்றிக் கேட்கலாம், அதற்குத் தோல் நிறம் ஒரு தடை அல்ல.

ஒமேகா 3 மாத்திரையையும் பலர் கேட்கிறார்கள். 2018இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், தினமும் 3000 மில்லிகிராம் ஒமேகா 3 எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் ஓராண்டு முடிவில் கண் வறட்சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மீன் சாப்பிடுகிறவர் சாப்பிடட்டும். கையில் உள்ள பணம் ஒரு பொருளுக்குத்தான் போதும் என்றால் அதை மாத்திரைக்குப் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

கீழ்க்கண்ட நிலைகளில் முகமூடி, துணி எதையும் தொடாமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்: ஒரு கண் மட்டும் சிவந்து வலிப்பது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசுவது, சிமிட்டினாலும் தெளியாத பார்வைக் குறைவு, சீழ். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இதில் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. இமையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, அங்கே மயிரும் உதிர்ந்தால், வலி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள். எண்ணெய்ச் சுரப்பியில் வரும் அரிய புற்றுநோய் ஒன்று, சாதாரணக் கட்டிபோலவே தொடங்கும். அந்தக் கட்டியை வெட்டி எடுத்தால், எடுத்த திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.